பதின்மூன்றாவது கேள்வியின் இரண்டாம் பகுதி

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஸ்டெப் மேடம். விடை தப்பாக இருந்தாலும் ஒவ்வொரு படிக்கும் தேடிப் பிடித்து மார்க் போடுவாள் என்பதால் வந்த பெயர். கரும்பலகையில் எழுதும்போதும் ஒரு படியைத் தாண்டிப் போகமாட்டாள். "இதிலிருந்து இது வருதுன்னு நீங்களே பாத்துக்குங்க" என்று இருபத்தாறு வருஷத்தில் ஒரு முறைகூட அவள் சொன்னதில்லை. பொறியியல் கல்லூரியில் கணிதம் எடுப்பவர்கள் நடுவே அது கொஞ்சம் அதிசயம்தான்.

வயது ஐம்பத்து மூன்று. ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தின் இரண்டாம் தளத்தில் தனியாக இருந்தாள். கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்று கேட்டவர்கள் எல்லாரும் கேட்டுக் களைத்துவிட்டார்கள். தங்கை ஒருத்தி உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபோன் செய்வாள். மாத்திரை, மழை, மகனுடைய பல்லுக்குப் போட்ட கம்பி, அவ்வளவில் பேச்சு முடிந்துவிடும்.

அவளுக்கு என்று இருந்த ஒரே ஆள் பிசிக்ஸ் அக்கா. அதே கல்லூரியில் இயற்பியல் எடுத்தவர், அவளைவிட ஏழு வயது மூத்தவர். பத்தொன்பது வருஷம் இருவரும் ஒரே மேசையில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்கள். சொந்தம் ஏதுமில்லை, ஆனால் முதல் வாரமே "அக்கா" வாயில் வந்துவிட்டது. சாப்பிடும்போது பாதி நேரம் சண்டைதான். "உங்க ஆளுங்க சமன்பாட்டை எழுதிட்டு அந்த ஸ்பிரிங்கை மறந்துடுறீங்க" என்பார் அக்கா. "உங்க ஆளுங்க ஸ்பிரிங்கைப் பாத்துட்டுச் சமன்பாட்டை மறந்துடுறீங்க" என்பாள் இவள். அப்புறம் ஊறுகாயைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

போன வருஷம் அக்கா ஓய்வு பெற்றார். இரண்டு மாதத்தில் மகன் வந்து வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்விட்டான். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போன ஸ்டெப் மேடம் கையசைத்துவிட்டு, திரும்பி வரும்போது பஸ்ஸில் தன்னுடைய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் இறங்கினாள்.

அந்த வாரத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து அந்த உறை வந்தது. இரண்டாம் பருவப் பொறியியல் கணிதத்துக்கு ஒரு வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரித்து, முத்திரையிட்டு, பத்து நாளுக்குள் அனுப்ப வேண்டும். கூடவே ஓர் உறுதிமொழிப் படிவம்: இதை நான் தயாரிக்கிறேன் என்று எவரிடமும் வாய்திறக்க மாட்டேன். இப்படி நாலைந்து பேரிடம் வாங்குவார்கள். அதில் ஒன்றை எடுப்பார்கள். யாருடையது என்று தேர்வு நாளன்று தாளைப் பார்த்தால்தான் எழுதியவருக்கே தெரியும்.

முன்பும் நாலு முறை அனுப்பியிருக்கிறாள். ஒரு முறையும் அவளுடையது எடுக்கப்பட்டதில்லை. இந்த முறை நல்லதாக ஒன்று செய்வோம் என்று உட்கார்ந்தாள். வீட்டில் அதைத் தவிரச் செய்வதற்கும் ஒன்றுமில்லை.

பதின்மூன்றாவது கேள்விக்கு அவள் எடுத்துக்கொண்டது ஒத்ததிர்வு. ஊஞ்சலை அது ஆடுகிற தாளத்திலேயே தள்ளினால் ஆட்டம் பெருகுமே, அது. மாறிலிக் கெழுக்கள் கொண்ட இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு. மாணவர்கள் அதை வெறும் சூத்திரமாக மனப்பாடம் செய்துவிடுவார்கள். அவர்கள் கண்ணுக்கு அந்த ஸ்பிரிங் ஒரு தடவையாவது தெரிய வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அது அக்காவின் ஆசை என்று அப்போது அவள் நினைக்கவில்லை.

முதல் பகுதி இது. ஸ்பிரிங்கில் தொங்கும் ஓர் எடை; தடை எதுவும் இல்லை; அதன்மேல் ஒரு விசை ஆடுகிறது: x″ + 9x = 6 cos 3t. தொடக்கத்தில் எடை அசையாமல் நடுவில் நிற்கிறது. x என்ன? ஸ்பிரிங்கின் இயல்பான அதிர்வெண் 3. விசையின் அதிர்வெண்ணும் 3. ஆகவே A cos 3t + B sin 3t என்று வழக்கம்போல் ஊகித்தால் இடப்பக்கம் பூச்சியமாகிப்போகும், கணக்கு நின்றுவிடும். t-யால் பெருக்கி ஊகிக்க வேண்டும். அப்படிச் செய்தால் விடை x = t sin 3t. ஆட்டம் நேரத்தோடு வளர்ந்துகொண்டே போகும். ஒரு வரி விடை. பார்க்கவே அழகாக இருந்தது.

இரண்டாம் பகுதியில் கொஞ்சம் டேம்பிங் சேர்த்தாள். அதாவது, வேகத்துக்கு எதிராக நிற்கும் தடை. முதலில் எழுதியது x″ + 0.2x′ + 9x = 6 cos ωt. ஆரம்பக் குலுக்கல் அடங்கிய பிறகு நிலைத்து நிற்கும் ஆட்டத்தின் வீச்சு, அதாவது எடை நடுவிலிருந்து விலகும் உச்ச தூரம், விசையின் எந்த அதிர்வெண் ω-வுக்குத் தோராயமாக மிக அதிகமாகும்? அந்த வீச்சு எவ்வளவு? தடை இவ்வளவு சின்னதாக இருந்தால் விடை ஏறக்குறைய 3 தான், வீச்சு 10. அப்படியே குறிப்பிலும் எழுதினாள்.

மறுநாள் படித்துப் பார்த்தபோது 0.2 கண்ணை உறுத்தியது. தசமம் வந்தாலே பிள்ளைகள் பதறுவார்கள் என்று அதை 2 ஆக்கினாள். எண் சுத்தமாக இருக்கும்போது "தோராயமாக" எதற்கு என்று அந்தச் சொல்லையும் அடித்தாள். விடைக்குறிப்பில் வீச்சு 10 என்பதை 1 ஆக மாற்றினாள். ω = 3 என்ற வரியை அவள் தொடவில்லை. அவள் எழுதும் எதையும் முதலில் படிக்கிறவர் பிசிக்ஸ் அக்காதான். இதைக் காட்டக் கூடாது. காட்ட நினைத்தாலும் அவர் ஊரில் இல்லை. உறையை ஒட்டி, அரக்கு வைத்து, அனுப்பிவிட்டாள்.

ஏழு மாதம் கழித்துத் தேர்வு நாள். மேற்பார்வைக்குப் போனவள், தாளைப் பிரித்துக் கொடுக்கும்போது பதின்மூன்றாவது கேள்வியைப் பார்த்தாள். உச்சி குளிர்ந்துபோனது. அறுபது பிள்ளைகள் குனிந்து எழுத, அவள் வரிசைகளுக்கு நடுவே மேலும் கீழும் நடந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பின்பு ஒருவன் கூடுதல் தாள் கேட்டான்; எடுத்துக் கொடுத்தாள்.

விடைத்தாள் திருத்தும் முகாம் இரண்டு வாரம் கழித்து ஆரம்பித்தது. ஒரு பெரிய கூடம், நீளமான மேசைகள், அறுபது ஆசிரியர்கள், மேலே சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியாத மின்விசிறிகள். ஒரு கட்டுக்கு இருபத்தைந்து விடைத்தாள். மாணவர் பெயரும் பதிவெண்ணும் கிழிக்கப்பட்டு, ஒரு டம்மி நம்பர் மட்டும் இருக்கும். முதல் நாள் காலையில் தலைமைத் திருத்துநர் மேடையில் நின்று விடைக்குறிப்பைப் படித்தார். எல்லாரும் அவரைச் சீஃப் என்பார்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணருகே பிடித்துப் படிக்கிற மனிதர்.

"பதிமூணு, ரெண்டாம் பகுதி. எட்டு மார்க். வீச்சுக்கான அமைப்புக்கு மூணு, ஒமேகா சமம் மூணுக்கு மூணு, வீச்சு ஒண்ணுக்கு ரெண்டு. சந்தேகம் ஏதாவது?"

யாருக்கும் சந்தேகமில்லை. ஒத்ததிர்வு என்றால் விசையின் அதிர்வெண் இயல்பு அதிர்வெண்ணுக்குச் சமம். எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் வேறு கல்லூரியைச் சேர்ந்த ஒரு குண்டு சார் உட்கார்ந்திருந்தார். நிமிஷத்துக்கு ஒரு தரம் புலம்பாமல் அவரால் இருக்க முடியாது.

"எவனோ ஒரு புண்ணியவான் செட் பண்ணியிருக்கான் பாருங்க மேடம். ஸ்பிரிங்காம், தொங்குதாம், ஆடுதாம். நேரா சமன்பாட்டைக் குடுத்துத் தீருடான்னு சொன்னா ஆகாதா?"

"நல்லாத்தானே இருக்கு சார்" என்றாள் அவள்.

"உங்களுக்கு என்ன, நல்லா இருக்கும். எனக்கு ஆட்டம் வருது."

சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான் அவளுடைய கேள்விக்கு அவள் கேட்ட விமர்சனம்.

இரண்டாம் நாள், காலையின் கடைசிக் கட்டு. பதினெட்டாவது விடைத்தாள். கையெழுத்து சின்னது, இடப்பக்கம் சாய்ந்தது. பல கேள்விகள் அரைகுறை. பத்தொன்பதாம் பக்கத்தில் பதின்மூன்றாவது கேள்வி. அங்கே மட்டும் எழுதியவருக்கு அவசரமே இல்லை. முதல் பகுதி சுத்தம், t sin 3t. இரண்டாம் பகுதி இரண்டு பக்கம் போயிருந்தது. கடைசியில் ω = √7 என்று எழுதிக் கட்டம் கட்டியிருந்தது.

அவள் குறிப்பைப் பார்த்தாள். 3. அமைப்புக்கு மூன்று மார்க் போட்டாள். விடையை ஒரு கோடு போட்டு அடித்தாள். கூட்டிப் பார்த்தால் மொத்தம் நாற்பத்தேழு. தேற ஐம்பது வேண்டும். வழக்கம்போல், எங்காவது ஒரு படியை விட்டுவிட்டோமா என்று திரும்பப் புரட்டினாள். மூன்று மார்க்குக்காக அவள் எத்தனையோ தாளை இப்படிப் புரட்டியிருக்கிறாள்.

அப்போதுதான் அந்தக் கட்டத்துக்குக் கீழே ஓரமாக எழுதியிருந்ததைக் கவனித்தாள். ω = 3 எனில் வீச்சு 1. ω = √7 எனில் அதைவிட அதிகம். எனவே 3 அல்ல.

பேனாவை வைத்தாள். டீயோடு பிஸ்கட் வந்த காகிதத் தட்டின் பின்புறத்தில் தானே போட்டுப் பார்த்தாள். வீச்சு என்பது, 6-ஐ ஒரு வர்க்கமூலத்தால் வகுத்தது. மூலத்துக்குள்ளே இருப்பது (9 − ω²)² + 4ω². வீச்சு பெரிதாக வேண்டுமென்றால் உள்ளே இருப்பது சிறிதாக வேண்டும். ω = 3 என்று போட்டால் உள்ளே 36; வீச்சு ஆறின்கீழ் ஆறு, அதாவது 1. ω² = 7 என்று போட்டால் நான்கும் இருபத்தெட்டும் சேர்ந்து 32. முப்பத்திரண்டு முப்பத்தாறைவிடச் சிறியது. வீச்சு ஏறக்குறைய 1.06. வகைக்கெழு எடுத்தும் பார்த்தாள்; ω² = 7 தவிர வேறு வழியில்லை. தடை 2 ஆனதும் உச்சம் மூன்றிலிருந்து கீழே இறங்கிவிட்டது. 0.2 ஆக இருந்தபோது அந்த இறக்கம் கண்ணுக்குத் தெரியாது. ω² 8.98, அவ்வளவே.

தப்பு செய்தது அச்சகம் இல்லை, சீஃப் இல்லை. ஒரு தசமப் புள்ளியை எடுத்த கை இதே கை. அதே கையால் இப்போது சரியான விடையை அடித்தும் ஆகிவிட்டது.

"மேடம், டீத் தட்டுல என்ன கவிதையா?" என்றார் குண்டு சார்.

"இல்ல சார். ஒரு கூட்டல்."

மதியச் சாப்பாட்டை அவள் பிரிக்கவில்லை. சீஃபின் மேசைக்குப் போய், தட்டையும் விடைத்தாளையும் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். கணக்குத் தெரிந்தவர்தான், நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"கணக்கு சரிதான் மேடம். உள்ள முப்பத்திரண்டுதான் வருது."

"அப்ப குறிப்பை மாத்திடலாமா சார்?"

அவர் கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "ஒன்றரை நாள்ல நாலாயிரத்துச் சொச்சம் தாள் முடிஞ்சிருக்கு. நான் மேடையேறி 'மூணு இல்ல, வேற'ன்னு சொன்னா என்னைத் தோலை உரிச்சுடுவாங்க. அதுவும் என் இஷ்டத்துக்கு மாத்த முடியாது. குறிப்பு கேள்வித்தாள் செட்டரோடது. செட்டர் எழுதிக் குடுத்தா கன்ட்ரோலர் மாத்துவார். செட்டர் யாருன்னு எனக்கே தெரியாது."

"தெரியாம போனா?"

"போனா போகுது. எத்தனை பேர் ரூட் ஏழு எழுதியிருக்கப் போறாங்க? எங்கயோ ஒண்ணு ரெண்டு. உங்க கட்டுல வந்ததுக்கு நீங்க மூணு மார்க் அங்க இங்க போட்டுக் கரையேத்தி விடுங்க. நான் கண்டுக்கல."

அவர் கெட்டவர் இல்லை. அவள் தலையாட்டிவிட்டு இடத்துக்கு வந்தாள். மதியம் திருத்திய கட்டில் முக்கால்வாசிப் பேர் 3 என்று எழுதியிருந்தார்கள். தன் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அவள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். விசையும் ஸ்பிரிங்கும் ஒரே அதிர்வெண்ணில் இருந்தால் உச்சம், அவ்வளவுதான் என்று. குறிப்பை மாற்றினால் அவர்களுக்குத்தான் மார்க் குறையும். மாற்றாவிட்டால் யாரோ முகம் தெரியாத சிலருக்குக் குறையும். மற்ற ஐம்பத்தொன்பது பேர் கையிலும் இந்நேரம் எங்காவது ஒரு √7 அடிபட்டுக்கொண்டிருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பிசிக்ஸ் அக்காவுக்கு ஃபோன் செய்தாள். அங்கே காலை. பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, உடம்பு நல்லா இருக்கா? நீ வாரநாள்ல கூப்பிட மாட்டியே."

"நல்லா இருக்கேன் அக்கா. சும்மா ஒரு சந்தேகம். டேம்பிங் இருந்தா உச்சம் எங்க வரும்?"

"இயல்பு அதிர்வெண்ணுக்குக் கொஞ்சம் கீழ. டேம்பிங் ஏற ஏற இன்னும் கீழ இறங்கும், ஒரு அளவுக்கு மேல உச்சமே இருக்காது. ஏன், உன் கிளாஸ்ல எவனாவது மடக்கிட்டானா?"

"ஆமா அக்கா. மடக்கிட்டாங்க."

"அந்தப் பையனை விடாதே. அவனுக்கு ஸ்பிரிங் தெரிஞ்சிருக்கு." அக்கா சிரித்தார். "இதை நூறு தடவை சாப்பாட்டு மேசையில சொல்லியிருப்பேன். நீ ஊறுகாயைத்தான் கவனிச்சிருக்கே."

அவளுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்போல் இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவம் நினைவுக்கு வந்தது. "அக்கா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் அந்தப் பக்கம் ஏதோ உடையும் சத்தம். "ஐயோ, பாலைக் கொட்டிட்டான். வெச்சிடவா? ஞாயித்துக்கிழமை நானே கூப்பிடுறேன்" என்று அக்கா வைத்துவிட்டார்.

ஃபோன் கையில் இருந்தது. பிறகு செருப்பைக் கழற்றினாள், முகம் கழுவினாள், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். சீஃபுக்கு எழுதினாளோ என்றால் இல்லை. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரான கன்ட்ரோலருக்கு, வினாத்தாள் தயாரித்தவள் என்ற முறையில். எப்போதும்போல் ஒரு படியையும் விடவில்லை. 0.2 என்று இருந்தது, 2 ஆக்கினேன், "தோராயமாக" என்ற சொல்லை நீக்கினேன், குறிப்பில் வீச்சை மட்டும் திருத்தினேன், அதிர்வெண்ணைத் திருத்தவில்லை. சரியான விடை √7. வீச்சு 3/(2√2). கேள்வியில் பிழையில்லை, குறிப்பில்தான் பிழை. பிழை என்னுடையது. ஒன்றரைப் பக்கம் வந்தது.

மறுநாள் காலையில் முகாமுக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, நிர்வாகக் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் காத்திருந்தாள். கன்ட்ரோலர் மெலிந்த மனிதர். வாசித்து முடிக்கும் வரைக்கும் அவளை உட்காரச் சொல்லவில்லை, மறந்துவிட்டார். முடித்த பிறகுதான் நாற்காலியைக் காட்டினார்.

"இதை நீங்க எழுதாமலே இருந்திருக்கலாமே மேடம். சீஃப் எதுவும் ரிப்போர்ட் பண்ணல. யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க."

"ஒருத்தர் கண்டுபிடிச்சாச்சு சார். பரிட்சை ஹால்லயே."

அவர் கடிதத்தை மேசையில் வைத்தார். "இதை ஏத்துக்கிட்டா ரெண்டு விஷயம் நடக்கும். முடிஞ்ச கட்டு எல்லாத்தையும் திரும்பப் பிரிக்கணும். அப்புறம், செட்டர் பட்டியல்லேருந்து உங்க பேரை எடுக்கணும். அது விதி, என் கையில இல்ல."

"புரியுது சார்."

"மூணுன்னு எழுதினவங்களை என்ன பண்றது?"

இதைத்தான் அவள் ராத்திரி பூரா புரண்டு யோசித்திருந்தாள். தன் வகுப்பு முகங்கள் வரிசையாக வந்துபோயிருந்தன. "அமைப்புக்கு மூணு மார்க் இருக்கு. மூணைப் போட்டு வீச்சு ஒண்ணுன்னு சரியா கணக்குப் பண்ணியிருந்தா அந்த ரெண்டையும் குடுக்கலாம். அதிர்வெண்ணுக்கான மூணு மார்க் குடுக்க முடியாது. அது விடை இல்ல."

"உங்க காலேஜ் பசங்களும் அப்படித்தானே எழுதியிருப்பாங்க?"

"ஆமா சார். நான்தானே சொல்லிக் குடுத்தேன்."

அவர் கடிதத்தின் ஓரத்தில் ஏதோ குறித்து, மணியடித்து எழுத்தரைக் கூப்பிட்டார். விஷயம் முடிந்தது. படியிறங்கி, கீழே ஒரு குழாயில் தண்ணீர் குடித்தாள்.

மதியம் இரண்டு மணிக்குச் சீஃப் மேடையேறினார். "எல்லாரும் பேனாவைக் கீழ வைங்க. பதிமூணு ரெண்டாம் பகுதி. குறிப்பு மாறியிருக்கு." அறுபது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ மேசையைத் தட்டினார்கள். ரயிலுக்குச் சீட்டு எடுத்தவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். முகாம் இன்னும் ஒரு நாள் நீளும்.

"அந்தச் செட்டர் மட்டும் என் கையில கிடைச்சா" என்றார் குண்டு சார், முதல் கட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. "ஒரு கணக்கை ஒழுங்காப் போடத் தெரியாதவனையெல்லாம் செட்டரா போட்டா இப்படித்தான். கண்ணை மூடிக்கிட்டு எழுதியிருக்கான்."

"இருக்கலாம் சார்."

"நீங்க ஏன் மேடம் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீங்க? உங்களுக்குக் கோபமே வராதா?"

"வருது சார்" என்றாள். அது பொய்யில்லை.

அவள் தன் கட்டைப் பிரித்து அந்தப் பதினெட்டாவது தாளை முதலில் எடுத்தாள். அடித்த கோட்டுக்குப் பக்கத்தில் சரிக்குறி போட்டு, 3-ஐ அடித்து 8 என்று எழுதி, திருத்தத்துக்குக் கீழே கையெழுத்திட்டாள். நாற்பத்தேழு ஐம்பத்திரண்டானது. அப்புறம் மற்ற தாள்கள். எட்டை அடித்து ஐந்து, எட்டை அடித்து ஐந்து. ஒவ்வொன்றுக்கும் அவள் கையெழுத்து. சாயங்காலத்துக்குள் விரல் மரத்துவிட்டது. அவளிடம் வந்த எல்லாக் கட்டுகளிலும் சேர்த்து √7 இரண்டே தாளில்தான் இருந்தது. மூன்று பேர் ω = 2√2 என்று எழுதியிருந்தார்கள். விசையில்லாமல் தானாக ஆடி அடங்கும்போது வருகிற அதிர்வெண் அது. அதை உள்ளே போட்டால் 33. முப்பத்திரண்டுக்கு ஒன்று அதிகம். அவர்களையும் அவளால் காப்பாற்ற முடியவில்லை, அமைப்புக்கான மார்க்கோடு நிறுத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிடவில்லை. திங்கட்கிழமை ஒரு செய்தி வந்தது: குழந்தைக்குக் காய்ச்சல், அப்புறம் பேசுகிறேன், அந்த ஸ்பிரிங் பையனைக் கேட்டதாகச் சொல். அவள் "சரி அக்கா" என்று பதில் போட்டாள்.

தேர்வு முடிவு வந்தபோது அவளுடைய கல்லூரியில் கணிதத்தில் தேறியவர்கள் போன வருஷத்தைவிடக் குறைவு. துறைத் தலைவர் கூட்டம் போட்டு ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டார். அவள் முறை வந்தது.

"ஒத்ததிர்வை நான் சரியா சொல்லிக் குடுக்கல சார்" என்றாள். "அடுத்த வருஷம் சரி பண்ணிடுறேன்."

துறைத் தலைவர் வேறு ஏதோ சாக்கை எதிர்பார்த்திருந்தார்போல; மேற்கொண்டு கேட்கத் தோன்றாமல் அடுத்தவரிடம் போனார். அந்த மூன்று மார்க் குறைந்ததால் தேறாமல் போன பையன் ஒருவன் அவளுடைய வகுப்பிலேயே இருந்தான். மறுதேர்வுக்கு அவனுக்கு மட்டும் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தாள். ஏன் தனக்கு மட்டும் இந்தக் கவனிப்பு என்று அவனுக்கும் புரியவில்லை. "உங்களுக்கு வேற வேலை இல்லையா மேடம்?" என்று ஒரு நாள் கூச்சத்தோடு கேட்டான். "இல்ல" என்றாள். அவன் தேறினான்.

பட்டியலிலிருந்து பெயரை நீக்கிய கடிதம் ஒரு விடுமுறை நாளில் வந்தது. மூன்று வரி. தாங்கள் சுட்டிக்காட்டிய பிழை சரிசெய்யப்பட்டது. விதிப்படி இனி தங்களை வினாத்தாள் தயாரிக்க அழைக்க இயலாது. இதுவரை அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி. பெற்றுக்கொண்டதாகப் பதில் எழுத வேண்டும். எழுதினாள். எழுதிய பிறகு, கீழே ஒரு வரி சேர்த்தாள்: மொத்தம் எத்தனை விடைத்தாள்களில் √7 இருந்தது என்று தெரிவிக்க முடியுமானால் நன்றாக இருக்கும்.

அதற்குப் பதில் வராது என்று அவளுக்குத் தெரியும். அப்படியெல்லாம் அலுவலகங்கள் பதில் போடுவதில்லை. ஒரு மாதமாயிற்று. ஒரு பிற்பகல், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"மேடம், கன்ட்ரோலர் ஆபீஸ்லேருந்து பேசுறேன். அன்னிக்கு உங்க லெட்டரை உள்ளேருந்து வாங்கிட்டுப் போன கிளார்க்."

"சொல்லுங்க."

"நீங்க ஒரு நம்பர் கேட்டிருந்தீங்க. சார் அதை ஃபைல்ல போட்டு அனுப்பச் சொல்லல. ஆனா திருத்தின பட்டியல் என்கிட்டதான் இருந்துது. மதியம் சாப்பிட்டுட்டு உக்காந்து எண்ணினேன்." அவர் தொண்டையைச் செருமினார். "முப்பத்தெட்டு மேடம். மொத்தம் பதினோராயிரத்துல முப்பத்தெட்டு. அதுல ஒன்பது பேர் அந்த மார்க்கால பாஸ்."

அவள் கையிலிருந்த புடவையை வாளிக்குள் விட்டாள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி. ரொம்ப நன்றி."

"நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றாள். "சொல்றதுக்கும் யாரும் இல்ல."

அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டு வைத்தார். அவள் வாளியில் கிடந்த ஈரப் புடவையை எடுத்து உதறி, கொடியில் விரித்து, இரண்டு முனையையும் இழுத்துச் சமமாக்கினாள். முப்பத்தெட்டு என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். கீழே தெருவில் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஏதோ சொல்லிச் சிரித்தபடி போனார்கள். அதில் யாராவது ஒருவர் அந்த முப்பத்தெட்டில் இருக்கலாம் என்று, அவர்கள் தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.